8 மீட்டர் களிமண்: H என்பது 8-ஆ, 4-ஆ?

மண்மேடு · பிப்ரவரி 4

3 மீட்டர் உயரச் சாலைக்கரை. கீழே 8 மீட்டர் மென்களி, விரலால் அமுக்கினால் குழி விழும் ரகம், தண்ணீர் தரைமட்டத்திலேயே நிற்கிறது. களிக்குக் கீழே மணல் என்கிறது போர் ரிப்போர்ட். களிக்கு மேலே, கரை போடும் முன் விரிக்கிற அரை மீட்டர் மணலும் உண்டு. 90 சதவீத இறக்கத்துக்கு 13.6 வருடம் ஆகும் என்று டிசைன் நோட்டில் எழுதியிருக்கிறார்கள். கணக்கைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வடிய வேண்டிய தூரம் H = 8 மீட்டர், களி தண்ணீர் விட்டு இறுகும் வேகம் cv = வருடத்துக்கு 4 சதுர மீட்டர். மேலேயும் மணல் கீழேயும் மணல் என்றால் தண்ணீர் இரண்டு பக்கமும் வடியும், அப்போது H பாதியாக 4 தானே வர வேண்டும்?

```
t = Tv × H² / cv,   Tv(90%) = 0.848
0.848 × 8² / 4 = 13.6
0.848 × 4² / 4 = 3.4
```

பத்து வருடம் மிச்சம். இதை எடுத்துக்கொண்டு மேலதிகாரி முன்னால் போய் நிற்கலாமா, இல்லை நான்தான் எங்கேயாவது கோட்டை விட்டிருக்கிறேனா?

ரோலர் · பிப்ரவரி 4

தைரியமாகப் போ தம்பி. ரெண்டு பக்கமும் மணல் என்றால் பாதிதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. H பாதியானால் இறக்கமும் பாதியாகும், அதையும் சேர்த்துச் சொல், சந்தோஷப்படுவார்கள்.

மண்மேடு · பிப்ரவரி 4, இரவு

அண்ணே, முதல் பாதி சரி, இரண்டாவது இல்லை. எவ்வளவு இறங்கும் என்ற கணக்கில் வருவது களியின் முழு கனம், 8 மீட்டரும் நசுங்கும். எவ்வளவு நாளில் இறங்கும் என்ற கணக்கில் வருவது தண்ணீர் ஓட வேண்டிய தூரம். இரண்டுக்கும் H என்றே எழுத்து வைத்ததால் வந்த வினை. நானே கல்லூரியில் இதில் மதிப்பெண் இழந்தவன்.

சுவர்விரிசல் · பிப்ரவரி 5

எங்கள் வீட்டுச் சுவரில் கோடையில் விரிசல் விடுகிறது, மழை வந்தால் தானாக மூடிக்கொள்கிறது. இதுவும் கன்சாலிடேஷன்தானா? எத்தனை வருடத்தில் நிற்கும்?

மண்மேடு · பிப்ரவரி 5

உங்களுடையது வேறு சார். காய்ந்தால் சுருங்கி நனைந்தால் உப்பும் மண் அது. இங்கே மண் எப்போதும் நனைந்தே இருக்கிறது, மேலே ஏற்றிய சுமையால் தண்ணீர் பிழிந்து வெளியேறுகிறது, ஒரே திசையில் போகும், திரும்பி வராது. உங்கள் விரிசல் வருடா வருடம் வந்து போகும், தானாக நிற்காது. தனியாகக் கேளுங்கள், இங்கே கலந்துவிட்டால் யாருக்கும் பயன்படாது.

பீசோ · பிப்ரவரி 6

cv = 4 எங்கிருந்து வந்தது? நீ சொல்கிற மாதிரியான களிக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. லேப் தாளைப் பார். மாதிரியின் உயரம் எவ்வளவு, 90 சதவீதத்துக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும் சொல், மற்றதெல்லாம் அப்புறம்.

மண்மேடு · பிப்ரவரி 6

உயரம் 20 மில்லிமீட்டர், மேலும் கீழும் நுண்துளைக் கல். 45 நிமிடம்.

மண்மேடு · பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

ஐயோ. யாரும் பதில் போட வேண்டாம், புரிந்துவிட்டது. மாதிரிக்கும் இரண்டு பக்கமும் கல், ஆகவே அதன் வடிபாதை 10 மில்லிமீட்டர். லேப்காரர் 20 போட்டு cv கணக்கிட்டிருக்கிறார். இருமடங்கை வர்க்கமாக்கினால் நான்கு மடங்கு, அதுதான் அந்த 4. சரியாகப் போட்டால் cv = 1. டிசைன் செய்தவரும் களத்தில் முழு 8 மீட்டரைப் போட்டிருக்கிறார். ஒரு தப்பு நான்கால் பெருக்கியது, இன்னொன்று நான்கால் வகுத்தது, விடை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

```
0.848 × 8² / 4 = 13.6
0.848 × 4² / 1 = 13.6
```

நான் ஒரு தப்பை மட்டும் திருத்திவிட்டு 3.4 என்று குதித்துக்கொண்டு போயிருப்பேன். மேலதிகாரி முன்னால் நிற்காதது நல்லதாகப் போயிற்று. cv வேண்டாம், Tv வேண்டாம், சூத்திரமே வேண்டாம், இப்படிப் பார்த்தாலும் வரும்: 10 மில்லிமீட்டருக்கு 45 நிமிடம், 4 மீட்டர் என்பது அதைப்போல 400 மடங்கு, வர்க்கம் 1,60,000. 45 நிமிடத்தை அதனால் பெருக்கினால் 72 லட்சம் நிமிடம், 13 வருடம் 8 மாதம். இந்த ஒரு பெருக்கலை நோட்டின் ஓரத்தில் யாராவது போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பீசோ · பிப்ரவரி 7

நல்லது. இனி அடுத்த கேள்வி. கீழே மணல் என்று யார் சொன்னது?

மண்மேடு · பிப்ரவரி 7

போர் ரிப்போர்ட் அக்கா. மூன்று போர், மூன்றிலும் 8 மீட்டருக்குக் கீழே மணல் என்றே எழுதியிருக்கிறது.

பீசோ · பிப்ரவரி 7

எழுதியிருப்பதைக் கேட்கவில்லை. மாதிரிப் பெட்டியைத் திறந்து பார்த்தாயா?

மண்மேடு · பிப்ரவரி 11

திறந்து பார்த்துவிட்டு வந்தேன். முதல் இரண்டு போரிலும் மணல் இருக்கிறது, நடுத்தர மணல், கையில் உதிர்கிறது. மூன்றாவது போரை 8.2 மீட்டரில் நிறுத்தியிருக்கிறார்கள். குழாயை இறக்க ஆகும் சம்மட்டி அடி எண்ணிக்கை திடீரென்று ஏறியதும் ‘கெட்டி மணல்’ என்று முன்னிரண்டு போர்களைப் பார்த்தே எழுதிவிட்டார்கள் போல. பெட்டியில் கடைசியாக இருந்தது சாம்பல் நிறக் கெட்டிக் களி, கத்தியால் சீவினால் பளபளப்பாக வருகிறது. அடி எண்ணிக்கை மண் எவ்வளவு கெட்டி என்று சொல்லும், தண்ணீர் விடுமா விடாதா என்று அதற்குத் தெரியாது.

அதாவது முதல் இரண்டு போர் இருக்கும் பக்கம் H = 4, 13.6 வருடம். மூன்றாவது போர் பக்கம் கீழே வழி அடைப்பு, H = 8, cv = 1, கணக்கு 54 வருடம். ஒரே கரை, ஒரே களி, ஒரே கனம்.

இன்னொன்றும் பார்த்தேன். இரண்டாவது போரின் ஒரு மாதிரியை நீளவாட்டில் பிளந்து இரண்டு நாள் காயவிட்டார்கள். காய்ந்த பிறகு 4 மீட்டர் ஆழத்தில் இரண்டு மில்லிமீட்டர் மணல் கோடு ஒன்று வெளிறித் தெரிந்தது, ஈரமாக இருந்தபோது கண்ணுக்கே படவில்லை. இந்தக் கோடு கரையின் அகலம் முழுக்கத் தொடர்ந்து வெளியே போய் வடிந்தால் களி இரண்டு துண்டாகும், ஒவ்வொன்றுக்கும் H = 2, காலம் 3.4 வருடம். திரும்பவும் அதே 3.4! விடாது போலிருக்கிறது.

ரோலர் · பிப்ரவரி 11

அப்போ 3.4-ன்னே எழுதிடு.

பீசோ · பிப்ரவரி 12

எழுதாதே. ஒரு போரில் பார்த்த கோடு பாயளவு அகலத்தில் முடிந்துபோன திட்டாகவும் இருக்கலாம். வெளியே வழியில்லாத மணல் திட்டு, கதவில்லாத அறை மாதிரி. தண்ணீர் உள்ளே வரும், எங்கேயும் போகாது. பக்கத்துப் போரில் அதே ஆழத்தில் அது இருக்கிறதா என்று பார். கூம்பு ஊடுருவல் சோதனை வைத்தால் இன்னும் நல்லது. கூம்பு களிக்குள் போகும்போது நீரழுத்தம் உயர்ந்தே இருக்கும், மணல் கோட்டைத் தொட்டதும் சட்டென்று விழும். நான்கைந்து இடத்தில் ஒரே ஆழத்தில் விழுந்தால் அப்புறம் பேசலாம்.

மண்மேடு · பிப்ரவரி 27

ஐந்து இடத்தில் கூம்பு இறக்கினோம், ஒரே ஒரு இடத்தில்தான் 4 மீட்டரில் விழுந்தது. திட்டுதான். 3.4-க்கு ஈமச்சடங்கு முடிந்தது.

மண்மேடு · மார்ச் 3

நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் எவ்வளவு இறங்கும் என்பதைப் போடவேயில்லை. ஆரம்ப வெற்றிட விகிதம் 1.7, அமுக்கக் குறியெண் 0.6, கரைச்சுமை 60 கிலோபாஸ்கல். 8 மீட்டரையும் ஒரே அடுக்காக எடுத்து நடு ஆழத்து அழுத்தம் 25 என்று போட்டால் 95 சென்டிமீட்டர் வருகிறது. நான்காகப் பிரித்து 2 மீட்டர் 2 மீட்டராகப் போட்டால் 1.11 மீட்டர். முதலில் எங்கேயோ தப்பு என்றே நினைத்தேன். தப்பில்லை. மேல் 2 மீட்டரில் ஏற்கனவே இருந்த அழுத்தம் வெறும் 6 கிலோபாஸ்கல், அதன் மேல் 60 வந்து உட்கார்ந்தால் பத்து மடங்குக்கு மேல், அந்த ஒரு அடுக்கே மொத்த இறக்கத்தில் 41 சதவீதம். நடு ஆழத்தை வைத்துப் போட்டால் இது மறைந்துபோகிறது.

அப்புறம், 3 மீட்டர் கரை போட்டு அது 1.1 மீட்டர் இறங்கினால் மேலே நிற்பது 1.9 மீட்டர்தான். சாலை மட்டம் 3 மீட்டரிலேயே வேண்டும் என்றால் மேலே மண் சேர்க்க வேண்டும், சேர்த்த மண்ணும் சுமை. ஆனால் அடியில் இறங்கிய பகுதி தண்ணீருக்குள் போய்விடுவதால் மிதப்பில் கொஞ்சம் எடை குறையும். இரண்டையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டால் சுமை 70-ஐத் தாண்டி, இறக்கம் 1.2 மீட்டரில் போய் நிற்கிறது. அதாவது மொத்தம் 4.2 மீட்டர் மண் வாங்க வேண்டும். கொள்முதல் பட்டியலில் 3 மீட்டருக்குத்தான் இருக்கிறது என்பது வேறு சோகம்.

அளவுக்கோல் · மார்ச் 9

சர்வேக்காரன் ஒரு வார்த்தை சொல்கிறேன். இறக்கத்தை அளக்கும் தகடுகளை எங்கே வைக்கிறீர்கள் என்பதைவிட, அசையாது என்று நம்பி லெவல் எடுக்கும் பெஞ்ச்மார்க் எங்கே என்று முதலில் பாருங்கள். ஒரு வேலையில் எட்டு மாதம் வாராவாரம் லெவல் எடுத்தேன். ஆறாவது மாதத்திலிருந்து வளைவு தட்டையாகிவிட்டது, இறக்கம் முடிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி, கூடுதலாகப் போட்டிருந்த மண்ணைக்கூட எடுத்துவிட்டார்கள். என் பெஞ்ச்மார்க் கரை அடியிலிருந்து பத்து மீட்டரில் ஒரு சின்னக் கான்கிரீட் கட்டை. பக்கத்தில் பிறகு கொட்டிய மண்குவியலால் அந்தக் கட்டையும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. நானும் இறங்குகிறேன், கரையும் இறங்குகிறது, எனக்கு எப்படித் தெரியும்? களிக்குக் கீழே கெட்டி மண் வரை போகும் இரும்புக் கம்பியில் பெஞ்ச்மார்க் வையுங்கள், அதை வேறொரு பழைய கட்டடத்தோடு மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

மண்மேடு · மார்ச் 9

இதைப் படித்ததும் எழுந்து போய் எங்கள் பெஞ்ச்மார்க்கைப் பார்த்தேன். கரை அடியிலிருந்து பன்னிரண்டு மீட்டர். மாற்றச் சொல்லிவிட்டேன்.

மண்மேடு · ஜூன் 2

கரை ஏறிவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் 3 மீட்டர். முதல் போர் பக்கத்தில் களிக்குள் நீரழுத்தம் அளக்க மூன்று பீசோமீட்டர், 2, 4, 7.5 மீட்டர் ஆழத்தில். மூன்றாவது போர் பக்கத்திலும் அதே மாதிரி மூன்று. மண் போட்டுக்கொண்டிருக்கும்போதே 4 சென்டிமீட்டர் இறங்கியது. இது தண்ணீர் வடிந்ததால் வந்ததல்ல, களி பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கியதால். அதைத் தனியாக எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் பிறகு கணக்கில் குழம்பும். நேரத்தை மண் ஏற்றிய இரண்டு மாதத்தின் நடுவிலிருந்து, அதாவது மே முதல் தேதியிலிருந்து எண்ணப்போகிறேன்.

ரோலர் · செப்டம்பர் 20

என்னப்பா ஆச்சு? தூங்கிட்டியா?

மண்மேடு · செப்டம்பர் 21

களிமண் தூங்குகிறது அண்ணே, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மண்மேடு · அடுத்த ஆண்டு, மே 4

ஒரு வருடம் ஆகிவிட்டது. முதல் போர் பக்கம் தகடு மொத்தம் 34 சென்டிமீட்டர் காட்டுகிறது. ஆரம்பத்து 4-ஐக் கழித்தால் 30. என் கணக்கில் H = 4, cv = 1 என்றால் ஒரு வருடத்தில் 28 சதவீதம், 1.11 மீட்டரில் அது 31 சென்டிமீட்டர். பொருந்துகிறது! மூன்றாவது போர் பக்கம் 17. அங்கே H = 8 போட்டால் 14 சதவீதம், 16 சென்டிமீட்டர். அதுவும் பொருந்துகிறது! இன்றைக்கு என்னிடம் யாரும் வாக்குவாதம் பண்ண வேண்டாம்.

கவனித்த ஒரு விஷயம்: 90 சதவீதத்துக்கு ஆகும் காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் நான்கு மடங்கு வித்தியாசம், ஆனால் முதல் வருட இறக்கத்தில் இருமடங்குதான். ஆரம்பத்தில் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் மட்டும் போகிறது, நடுவில் இருப்பதற்கு வாசல் எங்கே என்றே தெரியாது. ஒரு பக்கம் இரண்டு வாசல், இன்னொரு பக்கம் ஒன்று, ஆகவே இரண்டு மடங்கு. நடுப்பகுதி வடியத் தொடங்கிய பிறகுதான் நான்கு முழுதாகத் தெரியும்.

பீசோ · மே 5

வாக்குவாதம் பண்ணத்தான் வந்தேன். 30 சென்டிமீட்டர் பொருந்துவதால் H = 4 என்று நிரூபணமாகவில்லை. H = 8, cv = 4 போட்டாலும் அதே 30 தான் வரும். டிசைன் நோட்டில் இரண்டு தப்பு சேர்ந்து சரியான விடை வந்தது நினைவிருக்கிறதா? இறக்க வளைவுக்குத் தெரிந்தது cv-ஐ H²-ஆல் வகுத்த எண் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது, எத்தனை வருடம் லெவல் எடுத்தாலும். சம இடைவெளி அளவீடுகளை ஒன்றுக்கொன்று எதிராகக் குறித்துக் கோடு போடும் முறையிலும் இதே கதைதான், கடைசி இறக்கம் எவ்வளவு என்று நன்றாகவே சொல்லும், வழி எந்தப் பக்கம் என்று சொல்லாது.

வழியைக் காட்டுவது பீசோமீட்டர். 7.5 மீட்டரில் எவ்வளவு? கீழே திறந்திருந்தால் அங்கே மிச்ச அழுத்தம் 17 கிலோபாஸ்கல் அளவில் இருக்க வேண்டும். கீழே அடைத்திருந்தால் கிட்டத்தட்ட முழு 60-ம் அப்படியே இருக்கும், cv நான்காக இருந்தாலும் சரி, ஒன்றாக இருந்தாலும் சரி.

மண்மேடு · மே 5

முதல் போர் பக்கம் 21. மூன்றாவது பக்கம் 58. இரண்டு இடத்திலும் 4 மீட்டரில் 57-லிருந்து 59 வரை.

ஆக வழி விஷயம் தெளிவு. ஆனால் அந்த 4 மீட்டர் அளவீட்டைப் பார்த்து நான்தான் கொஞ்சம் அதிர்ந்துபோனேன். கண்ணுக்கு முன்னால் 30 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, நடுவில் இருக்கும் களிக்கு இன்னும் எதுவுமே நடக்கவில்லை.

ரோலர் · மே 6

அதை விடு. ஒரு வருஷம் ஆச்சு, மண் இறுகியிருக்கும். மேலே இன்னும் ஒன்றரை மீட்டர் கூடுதல் மண் போட்டு அமுக்கினால் சீக்கிரம் முடியும், எல்லா வேலையிலும் இப்படித்தான் செய்கிறோம்.

மண்மேடு · மே 6

முறை சரி அண்ணே, இந்த இடத்தில் இப்போது முடியாது. களிக்குள் இதழ்த் தகட்டைச் செருகித் திருகும் காற்றாடிச் சோதனையில் களியின் வலு 15 கிலோபாஸ்கல். அதை 5.14-ஆல் பெருக்கினால் 77, அதுதான் தரை தாங்கும் உச்சம், மண்ணாக மாற்றினால் 3.8 மீட்டர் சொச்சம். நாம் 3-ல் நிற்கிறோம். 4.5 போட்டால் கரை அடியோடு சரிந்து பக்கத்து வயல் உப்பி எழும். ஒரு வருடம் ஆயிற்றே என்றால், மேலே ஒன்றரை மீட்டரும் கீழே கொஞ்சமும்தான் இறுகியிருக்கின்றன. சரிவு வளையம் வெட்டிக்கொண்டு போகும் நடுப்பகுதியில் பீசோமீட்டர் 59 காட்டும்வரை அங்கே வலு பழைய 15 தான். எத்தனை மாதம் போயிற்று என்று களிக்குக் கவலையில்லை, எவ்வளவு தண்ணீர் போயிற்று என்பதுதான் கணக்கு.

ரோலர் · மே 6

சரி, களிக்குள் செங்குத்தாகப் பட்டை வடிகால் குத்தலாமே. இறக்கம் குறையுமே.

மண்மேடு · மே 7

இறக்கம் குறையாது, அதே 1.2 மீட்டர் சீக்கிரமாக வரும், அவ்வளவுதான். ஆனால் கேட்டது நல்ல கேள்வி. மூன்றாவது போர் பக்கத்துக்கும் இன்னும் கரை போடாத மீதி நீளத்துக்கும் அதுதான் தீர்மானம். 1.2 மீட்டர் முக்கோண இடைவெளியில், களியின் அடி வரை. தண்ணீர் இனி 4 மீட்டரோ 8 மீட்டரோ ஏறி இறங்க வேண்டாம், பக்கவாட்டில் அறுபது சென்டிமீட்டர் போனால் ஒரு பட்டை கிடைக்கும். கிடைமட்டத்தில் cv-யைப்போல இரண்டு மடங்கு வேகம் என்று எடுத்துக்கொண்டால் 90 சதவீதத்துக்கு 6 மாதம். கீழே மணலா களியா என்ற சண்டையே அங்கே தேவையில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக நாம் அடித்துக்கொண்டதை ஒரு தையல் மிஷின் முடித்துவைக்கும்.

பீசோ · மே 7

6 என்று எழுதிக் கொடுத்துவிடாதே. பட்டையைச் செருகும் இரும்புக் குழல் சுற்றியுள்ள களியைப் பிசைந்துவிடும், பிசைந்த களி தண்ணீர் விடுவது பாதியாகக் குறைந்தால் 8 மாதம் ஆகும். அந்த ‘இரண்டு மடங்கு’ம் நீயாக எடுத்துக்கொண்டது. அது ஒரு மடங்குதான் என்றால் எல்லாம் இருமடங்காகும். கூம்பு சோதனையில் நிறுத்தி வைத்து அழுத்தம் எவ்வளவு நேரத்தில் பாதியாகிறது என்று எடுத்திருந்தால் அதிலிருந்து கிடைமட்ட எண் கிடைக்கும். எடுத்தாயா?

மண்மேடு · மே 7

எடுக்கவில்லை. கூம்பு வண்டி போய் ஒரு வருடம் ஆகிறது. 8-லிருந்து 16 மாதம் என்று எழுதுகிறேன், திட்டுவார்கள்.

பீசோ · மே 10

உன் 30 சென்டிமீட்டர் பொருத்தத்தைப் பற்றி இன்னொன்று. மேல் 2 மீட்டர்தான் மொத்த இறக்கத்தில் 41 சதவீதம் என்று நீயே மார்ச்சில் எழுதினாய். அதுதான் முதலில் வடியும் பகுதியும். அப்படியானால் ஒரு வருடத்தில் 28 சதவீதத்துக்கு மேலேயே இறங்கியிருக்க வேண்டும், ஏன் இறங்கவில்லை?

மண்மேடு · மே 11

இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். மேலே ஒரு மீட்டர் அளவுக்குக் காய்ந்து இறுகிய தோல் இருக்கிறது, அதில் நான் போட்ட 0.6 பொருந்தாது, நிஜத்தில் குறைவாகத்தான் நசுங்கும். ஒன்று கூட்டுகிறது, ஒன்று குறைக்கிறது, 30-ல் வந்து நிற்கிறது. மறுபடியும் இரண்டு தப்பு ஒன்றையொன்று தின்றுவிட்டதா? மூன்றாவது பக்கத்திலும் அதே மாதிரி. தோலிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும், அதற்கு யாரும் காசு தரப்போவதில்லை.

அளவுக்கோல் · மே 12

தகட்டின் குழாயில் வண்டி மோதியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கேட்டேன் என்று கோபப்பட வேண்டாம்.

மண்மேடு · மே 12

ஒன்றில் மோதியிருக்கிறது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, சத்தியமாக.

மண்மேடு · ஜூன் 18

17 எதிர்பார்த்த இடத்தில் ஏன் 21 என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் போர் பக்கம் 8.5 மீட்டரில், மணலுக்குள்ளேயே ஒரு பீசோமீட்டர் இறக்கினோம். மணல் முழுமையாகத் திறந்திருந்தால் அங்கே மிச்ச அழுத்தம் பூஜ்யம் இருக்க வேண்டும். 6 கிலோபாஸ்கல் காட்டுகிறது. மூன்றாவது போர் பக்கம் போகப் போக மணல் மெலிந்து களியில் முட்டி நின்றுவிடுகிறது, அதனால் உள்ளே வரும் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் வெளியேற முடிகிறது என்று நினைக்கிறேன். அந்த 6-ஐ அடித்தளமாக வைத்துத் திரும்பப் போட்டால் 7.5 மீட்டரில் 21 அப்படியே வருகிறது.

ஆக H = 4-ம் இல்லை, 8-ம் இல்லை. நாலரை என்று சொல்லலாமா?

பீசோ · ஜூன் 19

சொல்லாதே. அந்த 6 இன்னும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார். இறங்கினால் 4 என்றே வை, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஏறிக்கொண்டே போனால் மணல் நிரம்புகிறது, 13.6 என்ற எண்ணை மறந்துவிடு. பெரிய அளவில் இதே கேள்வியில் உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. 1994-ல் திறந்த கான்சாய் விமானநிலையத் தீவில் மேலே இருந்த மென்களிக்கு மணல் வடிகால் போட்டதால் அது சீக்கிரம் முடிந்துவிட்டது, அதற்குக் கீழே வடிகால் எட்டாத ஆழக் களிகள்தான் இன்றும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தக் களிகளுக்கு நடுவில் இருக்கும் மணல் அடுக்குகள் எவ்வளவு தூரம் தண்ணீரை வெளியே விடுகின்றன என்பது அங்கேயும் விவாதம்தான்.

ரோலர் · ஜூன் 19

எல்லாம் சரி. தார் எப்போ போடலாம்?

மண்மேடு · ஜூன் 20

பட்டை குத்திய நீளத்தில் நடு ஆழத்துப் பீசோமீட்டர் 6 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்த பிறகு. முதல் போர் பக்கத்தில் குத்தவில்லை, அங்கே தார் வேண்டாம், சரளை போட்டு ஓட்டிக்கொண்டு வருடா வருடம் மேலே சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்கு மணல் பீசோமீட்டர் 6.2.

மண்மேடு · ஜூலை 18

6.1.